கல்யாணக் கணக்கு நோட்டு: பேசியதை எழுதினால்தான் பாக்கி தெரியும்

போன ஆவணியில் என் அக்கா மகளுக்குக் கும்பகோணத்தில் கல்யாணம். முதல் நாள் சாயங்காலம் வரவேற்பு, மறுநாள் காலை முகூர்த்தம், ஒரே மண்டபம். தாய்மாமன் சீரோடு கணக்கு நோட்டும் என் தலையில் வந்து சேர்ந்தது. முகூர்த்தத்துக்கு நாற்பது நாள் இருக்கும்போது அத்தான் என்னிடம் வந்து, “மாப்ள, எட்டு லட்சம் எடுத்து வச்சோம். இதுவரைக்கும் ரெண்டு லட்சத்து அறுபதாயிரம்தான் போயிருக்கு. மாப்பிள்ளை அழைப்புக்குச் செண்டை மேளம் வச்சிடுவோமா? நாப்பத்தஞ்சாயிரம்தான் கேக்குறாங்க” என்றார். அவர் சொன்ன கணக்கில் பிழை இல்லை. கையில் 5,40,000 ரூபாய் இருந்தது உண்மை. ஆனால் அதில் எங்கள் இஷ்டத்துக்குச் செலவு செய்யக்கூடிய பணம் 58,000 ரூபாய்தான். மீதி எல்லாம் ஏற்கெனவே வாய்வார்த்தையில் போய்விட்டது.

பெரும்பாலான வீடுகளில் கல்யாண பட்ஜெட் மீறுவது இந்த இடத்தில்தான். கொடுத்த பணத்தை எல்லோரும் எழுதி வைக்கிறார்கள். பேசி முடித்துவிட்டு இன்னும் கொடுக்காமல் இருக்கும் பணத்தை யாரும் எழுதுவதில்லை. மண்டபத்துக்கு ஐம்பதாயிரம் அட்வான்ஸ் கொடுத்திருந்தால் மனதில் நிற்பது ஐம்பதாயிரம். கல்யாணத்தன்று மதியம் மண்டபக்காரர் நீட்டப்போகும் பில் மனதில் நிற்காது. முதல் முறையாக வீட்டில் கல்யாணம் எடுத்து நடத்துகிறவர்களுக்காக, அந்த நோட்டை எப்படிப் போட்டோம், எங்கே கை மீறியது, எங்கே பிடித்தோம் என்பதை அப்படியே எழுதுகிறேன்.

முதலில், எந்தச் செலவு யாருடையது

தொகை போடுவதற்கு முன்னால் சம்பந்தி வீட்டாரோடு உட்கார்ந்து எது யார் செலவு என்று பேசி, ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வரவேற்பு மாப்பிள்ளை வீட்டுச் செலவு என்று ஒரு வழக்கம், எல்லாமே பெண் வீடு என்று ஒரு வழக்கம், ஆளுக்குப் பாதி என்று இப்போது பரவலாக வந்திருக்கும் ஒரு வழக்கம். எதுவாக இருந்தாலும் சரி, பேசாமல் விட்டதுதான் கடைசி வாரத்தில் சங்கடமாக வந்து நிற்கும். மாப்பிள்ளை வீட்டு வேன் யார் செலவு, அவர்கள் தங்கும் ரூம் யார் செலவு, அவர்கள் பக்கத்திலிருந்து எத்தனை பேர் வருவார்கள், இந்த மூன்றையும் கட்டாயம் கேட்டுவிடுங்கள். எங்கள் வீட்டில் மண்டபம், சாப்பாடு, அலங்காரம் எங்களுடையது. தாலி, அவர்கள் வீட்டுத் துணிமணி, அவர்கள் ஊரிலிருந்து வரும் வேன் அவர்களுடையது. ரூம் எங்களுடையது. இவ்வளவு ரொக்கம் வேண்டும், இவ்வளவு பவுன் வேண்டும் என்று யாராவது கேட்டால் அது இந்த நோட்டில் ஏறக்கூடிய செலவே இல்லை. 1961ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டப்படி கேட்பதும் குற்றம், கொடுப்பதும் குற்றம்.

அடுத்து, நகையையும் சீர்ப் பாத்திரத்தையும் கல்யாணச் செலவோடு கலக்காதீர்கள். அவற்றைப் பெரும்பாலும் முன்கூட்டியே வாங்கி முடித்துவிடுவோம், விலையும் நாளுக்கு நாள் மாறும். இரண்டையும் ஒரே கணக்கில் போட்டால் தங்கம் ஏறியதை மேடை அலங்காரத்தில் குறைத்து ஈடுகட்டலாம் என்று தோன்றும். கடைசியில் இரண்டுமே நடக்காது. நகைக்குத் தனிப் பக்கம் போடுங்கள். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

எட்டு லட்சத்தைப் பிரித்த விதம்

எங்கள் கணக்கு இது. உங்கள் ஊர், உங்கள் கூட்டத்துக்கு ஏற்பத் தொகை மாறும். இனங்கள் ஏறக்குறைய இவைதான்.

- மண்டபம், அதன் உபரிச் செலவுகள்: 1,50,000
- சாப்பாடு: 2,30,000
- துணிமணி: 1,20,000
- மேடை அலங்காரம், பூ, மாலை: 70,000
- போட்டோ, வீடியோ: 70,000
- மேளம், சாஸ்திரிகள், சடங்குச் சாமான்: 40,000
- பத்திரிகை, தாம்பூலப் பை: 30,000
- வண்டி, ரூம்: 30,000
- கை இருப்பு: 60,000

கடைசி வரியைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். “மிச்சம் இருந்தா பாத்துக்கலாம்” என்று விட்டால் மிச்சம் இருக்காது. முதலிலேயே ஒதுக்கி, அது வேறொருவர் பணம் என்று நினைத்துக்கொள்ள வேண்டும். மொத்தத்தில் நூற்றுக்கு ஏழரைக்குக் குறையாமல் வைப்பது என் வழக்கம்.

மொய்ப் பணத்தை இந்தக் கணக்கில் வரவாகக் காட்டாதீர்கள். “சாப்பாட்டுப் பாக்கியை மொய் வந்ததும் கொடுத்துடலாம்” என்று சொல்லும் வீடுகள் நிறைய உண்டு. எவ்வளவு வரும் என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. அது திருப்பிச் செய்ய வேண்டிய பணமும்கூட.

நோட்டுப் போடும் முறை

நீளவாக்கில் கோடு போட்ட சாதாரண நோட்டு போதும். ஒரு இனத்துக்கு ஒரு வரி, ஐந்து கட்டம்: இனம், ஒதுக்கியது, பேசியது, கொடுத்தது, பாக்கி. பேசியதில் கொடுத்ததைக் கழித்தால் பாக்கி. எட்டு லட்சத்தில் ‘பேசியது’ கட்டத்தின் கூட்டுத்தொகையைக் கழித்தால் வருவதுதான் உங்கள் கையில் உண்மையாக இருக்கும் பணம். நாற்பதாவது நாள் எங்கள் நோட்டு இப்படி இருந்தது:

| இனம் | ஒதுக்கியது | பேசியது | கொடுத்தது | பாக்கி |
|---|---|---|---|---|
| மண்டபம் | 1,50,000 | 1,10,000 | 50,000 | 60,000 |
| சாப்பாடு | 2,30,000 | 2,04,000 | 20,000 | 1,84,000 |
| துணிமணி | 1,20,000 | 1,32,000 | 1,32,000 | 0 |
| அலங்காரம் | 70,000 | 85,000 | 10,000 | 75,000 |
| போட்டோ | 70,000 | 75,000 | 15,000 | 60,000 |
| மேளம், சடங்கு | 40,000 | 38,000 | 5,000 | 33,000 |
| பத்திரிகை, தாம்பூலம் | 30,000 | 28,000 | 28,000 | 0 |
| வண்டி, ரூம் | 30,000 | – | – | – |
| கூட்டு | | 6,72,000 | 2,60,000 | 4,12,000 |

அத்தான் பார்த்தது ‘கொடுத்தது’ கட்டத்தை. எட்டு லட்சத்தில் அதைக் கழித்து 5,40,000 இருக்கிறது என்றார். ‘பேசியது’ கட்டத்தைக் கழித்தால் 1,28,000தான். அதிலும் வண்டி, ரூம் இன்னும் பேசவே இல்லை, அதற்கு 30,000. மண்டபத்தில் நாங்கள் பேசியிருந்தது வெறும் வாடகை. கரண்ட், டீசல், வரி என்று இன்னொரு 40,000 வரும் என்று நான் பென்சிலால் ஓரத்தில் எழுதி வைத்திருந்தேன். இரண்டையும் எடுத்துவிட்டால் 58,000. ஆக, கை இருப்பு என்று ஒதுக்கிய அறுபதாயிரத்திலேயே கொஞ்சம் குறைந்திருந்தது.

நோட்டைத் திருப்பிக் காட்டியதும் அத்தான் ஒன்றும் பேசவில்லை. அக்காதான், “செண்டை வேணாம் தம்பி, நம்ம நாதஸ்வரமே போதும்” என்று முடித்துவைத்தாள்.

போனில் போட விரும்புகிறவர்கள் Google Sheets-இல் இதே ஐந்து கட்டங்களை A முதல் E வரை போடலாம். முதல் வரி தலைப்பு, இரண்டாவது வரியிலிருந்து எட்டு இனங்கள். E2-வில் பாக்கிக்கான சூத்திரத்தை எழுதிக் கீழே இழுத்துவிடுங்கள். இரண்டாவது சூத்திரத்தைத் தனியாக ஒரு கட்டத்தில் போட்டால் கையில் மிஞ்சும் தொகையைக் காட்டும்.

```
=C2-D2
=800000-SUM(C2:C9)
```

நோட்டு ஒருவர் கையில்தான் இருக்க வேண்டும். பணம் யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். ஆனால் கொடுத்த அன்றைக்கே அவரிடம் சொல்லிவிட வேண்டும். நாங்கள் வீட்டு வாட்ஸ்அப் குழுவில் பில்லையோ பணம் போன ஸ்கிரீன்ஷாட்டையோ போட்டுவிடுவோம், நான் ராத்திரி உட்கார்ந்து ஏற்றுவேன். முக்கியமானது, வாய்ப்பேச்சில் விலை முடிந்த நிமிஷமே அது ‘பேசியது’ கட்டத்தில் ஏற வேண்டும். அட்வான்ஸ் கொடுக்கும் வரை காத்திருக்கக் கூடாது. பேசியது ஒதுக்கியதைத் தாண்டினால் அந்த எண்ணைச் சிவப்பில் எழுதுங்கள். எங்கள் நோட்டில் துணி, அலங்காரம், போட்டோ மூன்றும் சிவப்பு.

இலைக் கணக்கு

சாப்பாடுதான் பெரிய செலவு. அதிலும் கடைசி நிமிஷம் வரை எண்ணிக்கை தெரியாத செலவு. இதற்கு இரண்டு வழி உண்டு. மளிகை, காய்கறி, பாலை நாமே வாங்கிக் கொடுத்து மாஸ்டருக்கும் ஆட்களுக்கும் கூலி மட்டும் பேசுவது ஒன்று. இலைக்கு இவ்வளவு என்று கான்ட்ராக்ட் விடுவது இன்னொன்று. வீட்டில் மளிகை லிஸ்ட் பார்த்து வாங்க, ஸ்டோர் ரூமில் உட்கார நம்பிக்கையான இரண்டு ஆட்கள் இருந்தால் முதல் வழி மலிவாக முடியும். ஆள் இல்லை என்றால் கான்ட்ராக்ட்தான் சரி. நாங்கள் கான்ட்ராக்ட் விட்டோம்: இரவு வரவேற்புச் சாப்பாடு இலை 220 ரூபாய், காலை டிபன் 120, முகூர்த்தச் சாப்பாடு 250.

எத்தனை இலை சொல்வது? பத்திரிகை எண்ணிக்கையை இரண்டாலோ மூன்றாலோ பெருக்கிச் சொல்வது தவறான வழி. பத்திரிகை கொடுக்க எழுதிய பெயர்ப் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே மூன்று எண் எழுதுங்கள்: இரவுக்கு எத்தனை பேர், டிபனுக்கு எத்தனை, மதியத்துக்கு எத்தனை. உள்ளூர்க்காரர்கள் வரவேற்புக்குக் குடும்பத்தோடு வருவார்கள், முகூர்த்தத்துக்கு ஒருவர் வந்தால் அதிகம். ஆபீஸ் நண்பர்கள் இரவு மட்டும். வெளியூர்ச் சொந்தம் மூன்று வேளையும். முகூர்த்தம் வேலை நாளில் வந்தால் மதியம் இன்னும் குறையும். எங்கள் பட்டியலில் இரவு 300 பேர் வந்தது. சம்பந்தி வீட்டில் 150 என்றார்கள். ஆக 450 இலை. டிபன் 250, மதியம் 300. பணக்கணக்கில் 99,000, 30,000, 75,000, மொத்தம் 2,04,000.

இதில் நான் ஒரு கூட்டத்தை மறந்துவிட்டேன். போட்டோ, வீடியோ ஆட்கள் 6 பேர், அலங்காரக்காரர்கள் 8, மேளக்காரர்கள் 5, டிரைவர்கள் 9, மண்டபத்து ஆட்கள் 10. மொத்தம் 38 பேர். நம் வீட்டுக் கல்யாணத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இலை போடாமல் இருக்க முடியுமா? ஆனால் பட்டியலில் அவர்கள் இல்லை. மாப்பிள்ளை வீட்டிலிருந்து 150க்குப் பதில் 192 பேர் வந்தார்கள். 38, 42 என்று இரண்டும் சேர்ந்து இரவு 530 இலை ஆனது.

அந்த 530 எப்படித் தெரியும்? இலைக் கட்டுகள் வைத்திருந்த மேஜைக்குப் பக்கத்தில் இன்னொரு அக்கா மகனை ஒரு அட்டையும் பேனாவுமாக உட்கார வைத்திருந்தேன். ஒரு பந்தியில் 120 பேர் உட்காரலாம். ஒவ்வொரு பந்தியிலும் சாதம் போட ஆரம்பித்ததும் அவன் ஒரு சுற்று நடந்து, ஆள் உட்கார்ந்திருக்கும் இலையை மட்டும் எண்ணி எழுதினான். நான்கு பந்தி நிறைந்தது, ஐந்தாவதில் 50. கான்ட்ராக்டர் கணக்கில் 565 என்று வந்தது. அவர் பொய் சொல்லவில்லை. கட்டிலிருந்து எடுத்த இலையை எண்ணியிருக்கிறார். கிழிந்த இலை, இலை போட்ட பிறகு ஆள் எழுந்து வேறு வரிசைக்குப் போனது எல்லாம் அதில் சேர்ந்திருந்தது. பந்தி வாரியாக எழுதிய அட்டையைக் காட்டியதும் 530க்கு ஒத்துக்கொண்டார். 35 இலைக்கு 7,700 ரூபாய். அட்டை இல்லாமல் இருந்தால் என்னால் ஒரு வார்த்தை பேசியிருக்க முடியாது.

சொன்ன எண்ணிக்கைக்குக் குறைந்தால் கழிக்க மாட்டார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். எங்களுக்கு மதியம் 290 பேர்தான் சாப்பிட்டார்கள், 300க்குப் பணம் கொடுத்தோம். அதனால் எதிர்பார்க்கும் எண்ணிக்கையில் பத்தில் ஒரு பங்கு குறைத்துச் சொல்லி, அந்தப் பத்தில் ஒரு பங்கு கூடுதலாக வந்தால் தாங்குமா, கூடும் இலைக்கு அதே விலைதானா என்று முதலிலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அதற்கும் கீழே குறைத்துச் சொல்லாதீர்கள். கடைசிப் பந்தியில் சாம்பாருக்கும் பாயசத்துக்கும் தட்டுப்பாடு வந்தால் எவ்வளவு மிச்சம் பிடித்தாலும் மனது ஆறாது. தண்ணீர் பாட்டில், ஐஸ்கிரீம், பீடா, சாயங்காலக் காபி இலை விலையில் அடக்கமா, வரி தனியா என்பதையும் அப்போதே கேட்டுவிட வேண்டும்.

இன்னொரு விஷயம். ஒரே நிகழ்ச்சிக்காக ஒருவரிடமிருந்து 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் அனுமதிப்பதில்லை. தவணையாகப் பிரித்து வாங்கினாலும் கணக்கு ஒன்றுதான். அபராதம் வாங்குகிறவருக்கு என்பதால், விவரம் தெரிந்த கான்ட்ராக்டர் கடைசி நேரத்தில் வங்கி வழியாக அனுப்பச் சொல்வார். கல்யாணத்தன்று வீட்டிலிருக்கும் பணம் எல்லாம் நோட்டுக் கட்டாக இருந்தால் திண்டாட்டம்தான். பெரிய பாக்கிகளுக்குப் பணத்தை வங்கிக் கணக்கிலேயே வைத்திருங்கள்.

மண்டப வாடகை என்பது பாதிக் கணக்கு

மண்டபம் பார்க்கப் போகும்போது ஹால் எவ்வளவு பெரிது, ஏசி உண்டா, பார்க்கிங் உண்டா என்று கேட்போம். கேட்க வேண்டியது, “வாடகை போக என்னென்ன வரும்?” என்பதுதான். எங்களுக்கு 1,10,000 வாடகை போக வந்தது இவை. வாடகை மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, 19,800. கரண்ட் 600 யூனிட், யூனிட் 18 ரூபாய் வீதம் 10,800. ஜெனரேட்டர் மூன்று மணி நேரம், 4,500. சுத்தம் செய்ய 6,000. சமையலுக்கு அவர்களிடமே வாங்க வேண்டிய சிலிண்டர் இரண்டு, 5,200. மொத்தம் 46,300. நான் பென்சிலால் எழுதியது 40,000.

சாவி வாங்கியதும் முதல் வேலையாக மீட்டர் பெட்டியைத் திறக்கச் சொல்லி, எண் தெரிகிற மாதிரி போனில் படம் எடுங்கள். ஜெனரேட்டரில் ஓடிய மணி காட்டும் மீட்டர் இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். காலி செய்யும்போது மறுபடி ஒரு படம். பாத்திரத்தையும் நாற்காலியையும் எண்ணி வாங்கி எண்ணிக் கொடுக்க ஒரு ஆள் வேண்டும். அலங்காரக்காரர்களின் விளக்குகள் மண்டபத்து மீட்டரில் ஓடுமா, அவர்கள் சொந்த ஜெனரேட்டர் கொண்டுவர வேண்டுமா என்பது மண்டபத்துக்கு மண்டபம் மாறும். இதைக் கேட்காமல் விட்டதால் கல்யாணத்துக்கு முதல் நாள் மதியம் தனியாக வண்டி ஜெனரேட்டர் தேடி அலைந்த ஒரு வீட்டை எனக்குத் தெரியும். எத்தனை மணிக்கு உள்ளே விடுவார்கள், எத்தனை மணிக்குக் காலி செய்ய வேண்டும், அதைத் தாண்டினால் என்ன என்பதும் ரசீதிலேயே எழுதி வாங்க வேண்டியவை.

சிவப்பில் வந்த மூன்று

துணிமணியில் எங்களுக்கு 12,000 கூடியது. முகூர்த்தப் புடவைக்குத் திருபுவனம் போனோம். நினைத்த விலையில்தான் எடுத்தோம், அதில் ஒரு ரூபாய் கூடவில்லை. கூடியது ரவிக்கையில். ஆரி வேலைப்பாடு வைத்து இரண்டு ரவிக்கை தைக்க 9,500 ஆனது. மீதி 2,500 ஓரம் அடிப்பது, குஞ்சம் கட்டுவது, பாவாடை என்று போனது. புடவை விலையை எழுதும்போதே அதைக் கட்டத் தயாராக்க ஆகும் செலவையும் சேர்த்து எழுதுங்கள். சொந்தக்காரர்களுக்குத் துணி எடுக்கும்போது கடைக்குள் நுழைவதற்கு முன்பே பெயரும் தொகையும் எழுதிய பட்டியல் கையில் இருக்க வேண்டும். கடைக்குள் நின்றுகொண்டு “சித்திக்கு எடுத்தாச்சு, பெரியம்மாவுக்கு?” என்று ஆரம்பித்தால் யாரையும் விட முடியாது.

அலங்காரத்தில் 15,000 கூடியதற்குக் காரணம், வரவேற்புக்கு ஒரு பின்னணி, முகூர்த்தத்துக்கு வேறு ஒன்று என்று பேசியதுதான். போனில் படம் காட்டி விலை பேசும்போது எது நிஜப் பூ, எது துணிப் பூ என்று தெரியாது. முகூர்த்த நாளில் மல்லிகை விலை எங்கே போய் நிற்கும் என்று பூக்கடைக்காரருக்கே தெரியாது. அதனால் நிஜப் பூவுக்கு எத்தனை கிலோ, எத்தனை முழம் என்று அளவு சொல்லிப் பேசுங்கள். படத்தை மட்டும் காட்டிப் பேசினால் விலை ஏறிய அன்று பூ குறையும். நமக்கு முன்னால் கல்யாணம் வைத்த வீட்டார் அதே மண்டபத்தில் அதே நாள் மதியம் வரை இருந்தால் மேடை போட நேரம் போதாது. அப்போது ஆள் கூட்டிப் போட்டோம் என்று கூலி ஏறும். இதையும் மண்டபக்காரரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

போட்டோவில் ஆல்பம் எத்தனை தாள், கூடுதல் தாள் என்ன விலை, எத்தனை நாளில் தருவார் என்பதை எழுதி வாங்கி, கடைசித் தவணையை ஆல்பம் கைக்கு வந்த பிறகு கொடுப்பதாகப் பேசுங்கள். அவ்வளவுதான், மற்றபடி அது அவரவர் விருப்பம்.

நகைக்கு ஒரு தனிப் பக்கம்

நகையில் எல்லோரும் செய்யும் பிழை ஒன்றுதான்: அன்றைய பவுன் விலையை எத்தனை பவுனோ அத்தனையால் பெருக்கி எழுதுவது. கணக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பவுன் எட்டு கிராம், 80,000. சேதாரம் 12 சதவீதம் என்றால் 9,600. கூட்டினால் 89,600. அதன் மேல் 3 சதவீதம் ஜிஎஸ்டி 2,688. பில் 92,288. ஒரு பவுனுக்கே 12,288 கூடுகிறது. ஐந்து பவுனுக்கு 61,440. பட்ஜெட்டில் எழுத வேண்டியது இந்தப் பில் தொகையைத்தான்.

சேதாரம் நகைக்கு நகை மாறும். சாதாரண வளையல், செயினுக்குக் குறைவு. நகாசு வேலை, கல் வைத்த ஆரத்துக்கு அதிகம். அதனால் எத்தனை பவுன் என்று முடிவு செய்வதோடு எந்த நகை என்றும் முடிவு செய்யுங்கள். கல் நகையில் கல்லின் எடையைக் கழித்துத் தங்க எடையைத் தனியாகப் பில்லில் காட்டச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு நகையிலும் ஹால்மார்க்கோடு எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இடக் குறியீடான HUID இருக்கும். BIS Care செயலியில் அதை அடித்துப் பார்த்தால் அந்த நகைதானா, என்ன தூய்மை என்று தெரிந்துவிடும். கடையில் பணம் கட்டுவதற்கு முன் இதைச் செய்துவிடுங்கள்.

கடைசி இரண்டு நாள்

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் ‘பாக்கி’ கட்டத்தைப் பார்த்து, ரொக்கமாகக் கொடுக்க வேண்டிய ஒவ்வொருவருக்கும் ஒரு கவர் போட்டேன். கவர் மேல் பெயர், பேசிய தொகை, கொடுத்தது, உள்ளே இருப்பது, எப்போது கொடுக்க வேண்டும் என்று எழுதியது. மேளக்காரர்களுக்கு முகூர்த்தம் முடிந்ததும், சாஸ்திரிகளுக்கு அவர் கிளம்பும்போது, வேன் டிரைவர்களுக்குக் கடைசி நடை முடிந்த பிறகு. இன்னொரு கவரில் சில்லறையாக ஐயாயிரம், எதிர்பாராததற்கு. பை என்னிடம் இருந்தது. பெண்ணைப் பெற்றவர்கள் மணவறையில் இருப்பார்கள், அவர்களைக் கூப்பிட்டு “அந்த டெம்போக்காரருக்கு எவ்வளவு?” என்று கேட்கும்படி வைக்கக் கூடாது. அப்பா கையில் பையோடு சுற்றிக்கொண்டிருந்து, மகள் கழுத்தில் தாலி ஏறுவதைப் பார்க்காமல் விட்ட கல்யாணங்களை நான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் கணக்கு முடிந்தது இப்படி. சாப்பாட்டில் இரவு 80 இலை கூடி 17,600, டிபனில் 10 இலை கூடி 1,200. மண்டபத்தில் நினைத்ததைவிட 6,300. டெம்போ இரண்டாவது நடை, கூடுதலாக இரண்டு ஜோடி மாலை, ஐஸ் கட்டி, பாத்திரம் கழுவியவர்களுக்கும் கோலம் போட்டவர்களுக்கும் கொடுத்த அன்பளிப்பு எல்லாம் சேர்ந்து 14,000. மொத்தம் 39,100 கூடுதல். கையில் இருந்த 58,000இல் அது போக 18,900 மிச்சம். செண்டை மேளம் வைத்திருந்தால் 26,100 ரூபாய்க்கு அன்று மதியம் யாரிடமாவது போய் நின்றிருக்க வேண்டும்.

மண்டபத்தைவிட்டு வந்த பிறகும் நோட்டில் சில வரி திறந்தே இருக்கும். மண்டபக்காரரிடம் வைத்த டெபாசிட் திரும்ப வர வேண்டும், ஆல்பத்துக்குக் கடைசித் தவணை கொடுக்க வேண்டும், வாடகைக்கு எடுத்த பாத்திரம் திரும்பிப் போயிருக்க வேண்டும். தமிழ்நாட்டில் திருமணத்தைப் பதிவு செய்வது கட்டாயம். கல்யாணம் நடந்த நாளிலிருந்து 90 நாளுக்குள் செய்துவிடுங்கள். அதற்குப் பத்திரிகை ஒன்றும் மண்டப ரசீதும் தேவைப்படலாம் என்பதால் அவற்றை நோட்டிலேயே பின் போட்டு வைத்தோம். மொய் நோட்டு தனி. அதை அக்கா பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள்.